காதில் பாட்டு, முதுகில் சாலை

நடைபாதை இல்லாத சாலையின் ஓரமாகக் காலையில் நடப்பவர்களைக் கவனித்தால், மூவரில் ஒருவர் காதிலாவது இயர்பட் இருக்கிறது. முன்பெல்லாம் இப்படி நடப்பவர்களைப் பார்த்து வீட்டிலிருப்போர் எச்சரிப்பார்கள்: ‘வண்டி வருவது கூடக் கேட்காது, கழற்றி வை’. இன்று அந்த எச்சரிக்கைக்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது: ‘இதில் வெளிச்சத்தமும் கேட்கும்’. ‘டிரான்ஸ்பரன்சி மோடு’ என்றும் ‘ஆம்பியன்ட் சவுண்டு’ என்றும் வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பெயரிட்டு வழங்கும் வசதியைத்தான் அவர்கள் குறிப்பிடுகிறார்கள். இதை வெளியொலி முறை என்று அழைப்போம்.

அந்தப் பதில் பொய்யல்ல. ஆனால், பாதிதான் உண்மை. வெளியொலி முறை ஓர் ஒலி இருப்பதைக் காதுக்குத் தெரிவிக்கிறது. சாலையில் நடப்பவருக்கு அதைத் தவிர இன்னும் மூன்று செய்திகள் தேவை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நெருங்குகிறதா விலகுகிறதா என்பவை அவை. இந்த மூன்றையும் இக்கருவி எந்த அளவுக்குத் தருகிறது, எங்கே தவறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்ற தெளிவு கிடைக்கும்.

அடைத்த காதுக்குள் ஒரு செயற்கை வாசல்

ரப்பர் முனை கொண்ட இயர்பட் அடிப்படையில் ஒரு காதடைப்பான். அது செவிக்குழலை இறுக மூடும்போது, உயர் அதிர்வெண் ஒலிகள் 20 டெசிபலுக்கும் மேலாகக் குறைந்துவிடுகின்றன. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் அவ்வளவு குறைவதில்லை. முனைக்கும் தோலுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி வழியாக அவை கசிந்து உள்ளே வந்துவிடும். லாரியின் உறுமல் கேட்கும், சைக்கிள் மணி கேட்காது என்ற அனுபவம் இதனால்தான்.

இந்த அடைப்பை ஈடுசெய்யவே வெளியொலி முறை. கருவியின் வெளிப்புறத்தில் உள்ள நுண்ணிய ஒலிவாங்கி, சுற்றுப்புற ஒலியை வாங்குகிறது. உள்ளே இருக்கும் சில்லு அதை எண்களாக மாற்றி, அடைப்பால் எந்தெந்த அதிர்வெண்கள் குறைந்தனவோ அவற்றை மட்டும் தூக்கிக் கொடுத்து, மீண்டும் ஒலியாக்கிச் செவிக்குழலுக்குள் அனுப்புகிறது. 2019-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் புரோ வந்த பிறகு இந்த வசதி பரவலாக அறியப்பட்டது. இன்று விலை குறைந்த கருவிகளிலும் கிடைக்கிறது. ஆக, நாம் கேட்பது சாலையை அல்ல. சாலையை ஒலிவாங்கி கேட்டு, அதைச் சிறிய ஒலிபெருக்கி மறுபடி சொல்வதைக் கேட்கிறோம்.

இந்த மறுபடி சொல்லும் வேலைக்குச் சிறிது நேரம் பிடிக்கும். ஒரு மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால், கசிவு வழியாக நேரே வந்த அதே ஒலி செவிப்பறையில் முன்னதாகவே நிற்கிறது. 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் ஓர் அலை முழுமையடைய 2 மில்லி விநாடி ஆகும். அரை அலைக்கு ஒரு மில்லி விநாடி. எனவே தாமதமாக வரும் நகல், மூலத்துக்கு நேர் எதிராக விழுந்து அதை அழிக்கிறது. 1,500 ஹெர்ட்ஸிலும் 2,500 ஹெர்ட்ஸிலும் இதே அழிவு நிகழ்கிறது. இடைப்பட்ட இடங்களில் இரண்டும் சேர்ந்து வலுக்கின்றன. வெளிச்சத்தம் ஏதோ குழாய்க்குள்ளிருந்து வருவது போல் சில கருவிகளில் கேட்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இரண்டு ஒலிகளும் ஏறக்குறையச் சம வலுவோடு இருந்தால்தான் இந்தக் கேடு பெரிதாகும். முனை நன்கு பொருந்தி, கசிவு 20 டெசிபல் கீழே இருந்தால், ஏற்ற இறக்கம் ஒரு டெசிபலுக்குள் அடங்கிவிடும், காதுக்குத் தெரியாது. தளர்வாக மாட்டிக் கசிவு 6 டெசிபல் மட்டுமே கீழே இருந்தால், சில இடங்களில் மூன்றரை டெசிபல் கூடியும் சில இடங்களில் 6 டெசிபல் குறைந்தும் ஒலி உருமாறும். ஆகவே, வெளிச்சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று முனையைத் தளர்த்தி மாட்டுவது எதிர்விளைவையே தரும். வெளியொலி முறை இயங்குவதற்கு முதல் நிபந்தனை, காது முதலில் நன்றாக அடைபட வேண்டும் என்பதே.

முன்னாலா, பின்னாலா?

ஒலி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டு அறிகிறது. நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி, அருகில் உள்ள காதை அடைந்த பிறகு மற்றொரு காதை அடைய அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி அளவே ஆகிறது. இந்த மிகச் சிறிய வேறுபாட்டையும், தலையின் மறைப்பால் ஏற்படும் வலு வேறுபாட்டையும் கொண்டே திசை கணிக்கப்படுகிறது. இரண்டு காதுகளிலும் ஒரே வகைக் கருவி, ஒரே அளவு தாமதத்தோடு இயங்கினால் இந்த வேறுபாடு பெரும்பாலும் காப்பாற்றப்படும். இட, வல உணர்வில் வெளியொலி முறை பெரிய தவறு செய்வதில்லை.

சிக்கல் முன்பின் அறிவதில் இருக்கிறது. நேர் முன்னிருந்து வரும் ஒலியும் நேர் பின்னிருந்து வரும் ஒலியும் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே வலுவோடு அடைகின்றன. அங்கே ஒப்பிட ஏதுமில்லை. அப்போது மூளை நம்புவது செவிமடலை. மடலின் மடிப்புகளும் குழிவுகளும், வரும் திசைக்கேற்ப உயர் அதிர்வெண்களைச் சிறிது கூட்டியும் குறைத்தும் அனுப்புகின்றன. ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில்தான் இந்தக் கைரேகை தெளிவாக இருக்கிறது. ஒவ்வொருவரின் மடலும் தனி வடிவம் கொண்டது. பிறந்ததிலிருந்து நாம் பழகியது நம் மடலின் கைரேகைக்குத்தான்.

இயர்பட்டின் ஒலிவாங்கி, செவிக்குழலின் வாயில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மடலின் குழிவை நிரப்பிக்கொண்டு சற்று வெளியே நிற்கும் கருவியின் முகப்பில் இருக்கிறது. மடல் செய்ய வேண்டிய வேலை முடிவதற்கு முன்பே ஒலி பிடிக்கப்பட்டுவிடுகிறது. அதனால் பின்னால் வரும் வண்டி முன்னால் வருவது போலவும், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலைக்குள் ஒலிப்பது போலவும் தோன்றும். தலையைச் சிறிது திருப்பினால் குழப்பம் தீரும்; இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேர வேறுபாடு மாறும் விதத்தைக் கொண்டு மூளை முன்பின்னைக் கண்டுபிடித்துவிடும். ஆனால், அதற்கு ஒலி சிறிது நேரம் நீடிக்க வேண்டும். கேட்பவரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்க வேண்டும். ஒற்றை ஹாரன் ஒலிக்கு அந்த அவகாசம் இல்லை.

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வதைப் பாதுகாப்பான நடுவழி என்று பலர் கருதுகிறார்கள். வெளியொலி முறையோடு அப்படிச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. திறந்த காதுக்கு ஒலி உடனே வருகிறது. மற்றொரு காதுக்குச் சில்லு வழியாகத் தாமதித்து வருகிறது. முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை பெரிதும் நம்பும். அந்தத் தாமதம் தலையின் இயற்கையான 0.7 மில்லி விநாடியைத் தாண்டிவிட்டால், எங்கிருந்து வந்தாலும் ஒலி திறந்த காதுப் பக்கமே வருவதாக உணரும் சாய்வு ஏற்படுகிறது. வண்டியின் ஒலி காதில் விழும். ஆனால், கால் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பது தவறிப்போகலாம்.

பாட்டே பெரிய திரை

இதுவரை சொன்னவை கருவியின் குறைகள். தயாரிப்பாளர்கள் தாமதத்தைக் குறைத்து, ஒலிவாங்கியை நல்ல இடத்தில் வைத்து அவற்றை ஓரளவு சரிசெய்துவிட முடியும். உயர் விலைக் கருவிகளில் செய்தும் இருக்கிறார்கள். எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. அது நாம் கேட்கும் பாட்டு.

ஒரு வலுத்த ஒலி, அதே அதிர்வெண் பகுதியிலும் அதற்குச் சற்று மேலேயும் உள்ள மெல்லிய ஒலிகளை உட்செவியில் மூடிவிடுகிறது. ஓடும் காரின் டயரும் சாலையும் உரசும் ஒலி 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி வலுவாக இருக்கும். மனிதக் குரலும் பெரும்பாலான இசைக் கருவிகளும் புழங்கும் பகுதியும் அதுதான். வெளியொலி முறை டயரின் ஒலியைச் செவிப்பறை வரை கொண்டுவந்து சேர்த்தாலும், அங்கே ஏற்கெனவே பாடகரின் குரல் உட்கார்ந்திருக்கிறது. வாசல் திறந்திருந்தும் உள்ளே இடமில்லை.

இதன் விளைவை ஒரு கணக்காகப் பார்க்கலாம். நாம் கடக்க வேண்டிய சாலை 7 மீட்டர் அகலம். சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கிறார் என்றால், கடக்க ஏறக்குறைய 6 விநாடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வருகிறது. அது விநாடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. தெருவின் பொது இரைச்சல் 65 டெசிபல். அந்த இரைச்சலுக்கு இடையே வெறும் காதால் கேட்டால், ஸ்கூட்டர் 50 மீட்டர் தொலைவில் இருக்கும்போது அதன் ஒலி புலப்படத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது நம்மை அடைய நாலரை விநாடி இருக்கிறது.

இப்போது வெளியொலி முறை ஒரு குறையும் இல்லாமல் இயங்குவதாகவே கொள்வோம். பாட்டின் அளவைத் தெருவின் இரைச்சலுக்குச் சமமாக, 65 டெசிபலில் வைத்தால், காதுக்குள் மொத்த இரைச்சல் 3 டெசிபல் கூடும். ஒலி மூலத்துக்கும் நமக்கும் உள்ள தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும் என்பது விதி. அதன்படி, ஸ்கூட்டர் 35 மீட்டருக்கு வந்தால்தான் கேட்கும். மிச்சம் மூன்று விநாடி. பாட்டைத் தெருவின் இரைச்சலைவிட 10 டெசிபல் கூட்டி, 75-இல் வைத்தால் மறைப்பும் 10 டெசிபல் கூடுகிறது. ஸ்கூட்டர் 15 மீட்டரில் வரும்போதுதான் கேட்கும். மிச்சம் ஒன்றரை விநாடிகூட இல்லை.

ஓட்டுபவர் நம்மைப் பார்த்துத் தீர்மானிக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் வண்டி 11 மீட்டர் வந்துவிடும். அதன்பின் நன்றாகப் பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 12 மீட்டர் வேண்டும். மொத்தம் 23 மீட்டர். 35 மீட்டரில் நாம் கேட்டு நின்றால் தப்பலாம்; அவரும் நிறுத்தலாம். 15 மீட்டரில் நாம் கேட்கும்போது, அவர் நிறுத்தக்கூடிய எல்லையை வண்டி கடந்துவிட்டது.

இது எளிமைப்படுத்திய கணக்கு. பாட்டில் இடைவெளிகள் உண்டு. அந்த இடைவெளியில் வண்டி கேட்டுவிடக்கூடும். தாளக் கருவிகள் தொடர்ந்து அதிரும் பாட்டில் அந்த வாய்ப்பு குறைவு. எப்படியிருந்தாலும் கணக்கு காட்டும் உண்மை ஒன்றுதான்: நம்மைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் பாட்டின் அளவு அல்ல, தெருவின் இரைச்சலுக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு. பாட்டைத் தெருவைவிட 10 டெசிபல் தாழ்த்தி வைத்தால் மறைப்பு அரை டெசிபல்கூட இல்லை. அப்போது வெளியொலி முறை தன் வாக்கைக் காப்பாற்றும்.

கணக்கில் மின்சார ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் வண்டியின் எஞ்சின் ஒலி தன் வரவைத் தூரத்திலேயே அறிவித்துவிடும். குறைந்த வேகத்தில் ஓசையின்றி வரும் மின்சார வாகனங்கள், 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐ.நா.வின் 138-ஆம் எண் ஒழுங்குவிதி கூறுகிறது. 10 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20-இல் 56 டெசிபல் என்பது அதன் அளவு. அந்த விதி நான்கு சக்கர வகைகளுக்கானது. இருசக்கர வாகனங்கள் அதில் அடங்கா. நம் தெருக்களில் பெருகிவருவதோ மின்சார இருசக்கர வாகனங்கள். தெருவே 65 டெசிபலில் இரைந்துகொண்டிருக்கும்போது 56 டெசிபல் ஒலி எவ்வளவு தூரம் எட்டும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

சமன்செய்யப்பட்ட ஹாரன்

புதிய கருவிகளில் இன்னொரு வசதி சேர்ந்திருக்கிறது. 2022-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஏர்பாட்ஸ் புரோவில், கட்டுமான இயந்திரம், ஆம்புலன்ஸ் சைரன் போன்ற உரத்த ஒலிகளைத் தானே தாழ்த்திக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. மறு ஆண்டு, சூழலுக்கேற்ப இரைச்சல் நீக்கத்தையும் வெளியொலியையும் தானே கலந்து கொடுக்கும் முறையும் வந்தது. பிற நிறுவனங்களின் கருவிகளிலும் இதைப் போன்றவை உண்டு.

செவித்திறனைக் காக்க இது நல்ல ஏற்பாடு. நம் ஊர்ப் பேருந்துகளின் ஹாரன் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், சாலையில் உரப்பு என்பது வெறும் தொல்லையல்ல. அது தொலைவின் அளவுகோல். ஒலி வளர்ந்துகொண்டே போனால் எதுவோ நெருங்குகிறது என்று பொருள். இறங்கும் ஒலியைவிட ஏறும் ஒலியின் மாற்றத்தை மனிதர்கள் மிகைப்படுத்தியே உணர்கிறார்கள் என்று ஜான் நியூஹாஃப் 1998-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வு காட்டியது. நெருங்கும் ஆபத்துக்கு முன்கூட்டியே விலகுவதற்கு இந்த மிகையுணர்வு உதவுகிறது. ஒரு வரம்புக்கு மேல் ஒலியை அமுக்கும் கருவி, 30 மீட்டரில் உள்ள ஹாரனையும் 5 மீட்டரில் உள்ள ஹாரனையும் ஏறக்குறைய ஒரே உரப்பில் கொடுத்துவிடும். கேட்கும், ஆனால் அவசரம் கேட்காது.

தானியங்கிக் கலப்பு முறையில் வேறொரு இடர்ப்பாடு. சீராக ஒலிக்கும் இரைச்சலைத் தேவையற்றது என்று கருதி நீக்குவதே அதன் இயல்பு. சாலையின் இரைச்சலும் சீரானதுதான். அதற்குள்தான் வண்டிகளும் இருக்கின்றன. எவ்வளவு வெளியொலி உள்ளே வருகிறது என்பது நாம் அறியாமல் மாறிக்கொண்டிருந்தால், காதை நம்பித் தீர்மானிக்க அடிப்படை இல்லாமல் போகும். சாலைக்குத் தானியங்கி முறை பொருந்தாது; வெளியொலியை நாமே தேர்ந்து நிலைநிறுத்துவதே சரி.

இசை கொடுக்கும் விலை

பாதுகாப்புக்காக வெளியொலி முறையை இயக்கியதும் இசையின் தரம் குறைவதைப் பலர் உணர்ந்திருப்பார்கள். கருவி கெட்டுவிடவில்லை. சாலையின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. மேலே சொன்ன மறைப்பு இப்போது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. தம்புராவின் ஆழ்ந்த சுருதியும், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதமும் முதலில் காணாமல் போகின்றன. குரலும் வயலினும் மெலிந்து, கீச்சென்று மிஞ்சுகின்றன.

உடனே கை அளவைக் கூட்டுகிறது. இங்கேதான் பாதுகாப்பும் தரமும் நேருக்கு நேர் மோதுகின்றன. 75 டெசிபல் இரைச்சல் உள்ள சாலையில், இரைச்சல் நீக்கத்தோடு கேட்பவர் 65 டெசிபலில் நிறைவாகக் கேட்டுவிட முடியும். வெளியொலி முறையில் அதே நிறைவைத் தேடுபவர் 80-ஐத் தாண்டியாக வேண்டும். 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். எனவே வெளியொலி முறையில் அளவைக் கூட்டிக் கேட்பவர் வண்டியையும் இழக்கிறார், செவியையும் தேய்க்கிறார்.

காற்றும் ஒரு தொந்தரவு. ஒலிவாங்கியின் மேல் காற்று உரசும்போது தாழ்ந்த அதிர்வெண்ணில் பெரும் இரைச்சல் எழும். அதை அடக்கக் கருவி வெளியொலியின் அளவையே குறைத்துவிடுவதுண்டு. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, பேருந்து கடந்து போகும் வீச்சில், வெளியொலி சில கணம் மங்குவது இதனால்தான். வண்டி மிக அருகில் இருக்கும் கணமும் அதுவே.

செவிக்குழலை அடைக்காமல் வெளியே நிற்கும் திறந்த வகைக் கருவிகளும், கன்னத்து எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. இவற்றில் செவிமடல் தன் வேலையைச் செய்கிறது, தாமதமில்லை, மின்கலம் தீர்ந்தாலும் காது திறந்தே இருக்கும். திசையறிவதில் இவையே மேல். இசையின் ஆழம் இவற்றில் குறைவு. ஆனால், எலும்பு வழியாக வரும் ஒலி வண்டியின் ஒலியை மறைக்காது என்ற நம்பிக்கை தவறு. எந்த வழியில் வந்தாலும் இரண்டும் சேருமிடம் ஒரே உட்செவி. மறைப்பு நிகழ்வதும் அங்கேதான்.

சான்று எவ்வளவு?

காதில் கருவியோடு நடப்பது எத்தனை உயிர்களைப் பறித்தது என்பதை எண்ணுவது எளிதல்ல. இதில் பரவலாக மேற்கோள் காட்டப்படுவது, மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவர் ரிச்சர்டு லிக்டென்ஸ்டைன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை, ஹெட்போன் அணிந்த பாதசாரிகள் மோதுண்ட 116 நிகழ்வுகளை அவர்கள் திரட்டினார்கள். 81 பேர் இறந்திருந்தார்கள். மோதியவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை ரயில்கள். 29 விழுக்காடு நிகழ்வுகளில், மோதுவதற்கு முன் எச்சரிக்கை ஒலி எழுப்பப்பட்டதாகவே பதிவாகியிருந்தது.

இது பெரும்பாலும் செய்தி அறிக்கைகளிலிருந்து திரட்டப்பட்டது. ஹெட்போன்தான் காரணம் என்று அது நிறுவவில்லை; ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. கவனம் பாட்டில் கரைந்துபோனதும், ஒலி கேட்காமல் போனதும் இணைந்தே நிகழ்ந்திருக்கலாம் என்பது அவர்கள் பார்வை. வெளியொலி முறை பரவுவதற்கு முந்தைய காலம் அது. ஒலி கேட்காத குறையை இம்முறை ஓரளவு தீர்க்கிறது. கவனம் கரையும் குறையைத் தீர்க்க அதனிடம் வழியில்லை. ரயில் விஷயத்தில் நிலைமை இன்னும் கடுமை. வரும் ரயிலின் ஒலி முன்புறத்தில் எதிர்பார்க்கும் அளவுக்கு வலுவாக இருப்பதில்லை. விலகவோ நிறுத்தவோ அதனால் இயலாது. தண்டவாளத்தைக் கடக்கும்போது எந்த முறையும் போதாது. கருவி காதில் இருக்கவே கூடாது.

நாமே சோதிக்கலாம்

ஒருவரின் காதும் கருவியும் எப்படி இயங்குகின்றன என்பதை அவரவரே அறிய மூன்று எளிய சோதனைகள் உள்ளன. முதலாவது தினமும் செய்ய வேண்டியது. கருவியை மாட்டியதும் ஒவ்வொரு காதருகிலும் விரல்களை உரசிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில், அந்தச் சரசரப்போடு கேட்க வேண்டும். ஒரு பக்கம் மந்தமாக இருந்தால் அங்கே ஒலிவாங்கியின் வலை அழுக்காலோ வியர்வையாலோ அடைபட்டிருக்கலாம், மின்கலம் தீர்ந்திருக்கலாம், அல்லது முறை மாறியிருக்கலாம். இயங்காத இயர்பட் திறந்த காதாகிவிடுவதில்லை, அடைபட்ட காதாகிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, வீட்டில் ஒருவர் துணையோடு செய்வது. கண்ணை மூடி அமர்ந்துகொண்டு, தலையை அசைக்காமல் இருக்க வேண்டும். துணைவர் சில அடி தள்ளி, முன்னும் பின்னும் மாறிமாறி நின்று சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். பத்து முறையில் எத்தனை முறை சரியாகச் சொல்கிறோம் என்று வெறும் காதோடும் கருவியோடும் எண்ணிப் பார்த்தால், செவிமடலின் அருமை விளங்கிவிடும்.

மூன்றாவது, மேலே போட்ட கணக்கின் செயல்வடிவம். வீட்டு மதில் கதவுக்கு உள்ளே, சாலைக்கு முதுகு காட்டி நின்று, வரும் வண்டியின் ஒலி கேட்ட கணத்திலிருந்து அது நம்மைக் கடக்கும் வரை விநாடிகளை எண்ண வேண்டும். வெறும் காதோடு சில வண்டிகள், பாட்டில்லாமல் வெளியொலி முறையில் சில வண்டிகள், வழக்கமான அளவில் பாட்டோடு சில வண்டிகள். முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கருவியின் குறை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலான வேறுபாடு பாட்டின் விலை. நல்ல கருவியில் பெரும்பாலும் பின்னதே பெரிதாக இருக்கும்.

சாலையில் பழக வேண்டியவை இவற்றிலிருந்தே வருகின்றன. நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பது பழைய விதி. முன்பின் குழம்பும் காதுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. எந்தத் திசையைக் கருவி சரியாகச் சொல்லாதோ அந்தத் திசையிலிருந்து அருகே வரும் வண்டிகள் குறையும். ஆனால், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்கள் நம் ஊரில் அபூர்வமல்ல என்பதால், முதுகுப் பக்கம் முழுக்கப் பாதுகாப்பாகிவிடாது. பாட்டு, தெருவின் இரைச்சலைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். பக்கத்தில் செல்லும் சைக்கிளின் சங்கிலி ஓசை பாட்டுக்கு நடுவே கேட்டால் அளவு சரி. கடக்கும் இடத்தில் பாட்டை நிறுத்திவிட வேண்டும். இரண்டு பக்கமும் பார்ப்பதற்கு ஆகும் நேரம்தான் அதற்கும் ஆகும்.

இந்த நிபந்தனைகளோடு கேட்டால் பாட்டு மங்கலாகத்தான் இருக்கும். அதில் தப்பிக்க வழியில்லை. ஒரே காதில் ஒரே நேரத்தில் கச்சேரியும் சாலையும் முழுதாக அமர முடியாது. வெளியொலி முறை அந்த இரண்டுக்கும் இடையே பங்கு பிரிக்கும் கருவி மட்டுமே. பங்கின் அளவைத் தீர்மானிப்பது நம் விரல். பாட்டை ரசிக்க வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்து இரைச்சல் நீக்கத்தோடு கேட்கலாம், பூங்காவில் சுற்றி வரும்போது கேட்கலாம். சாலையில் நடக்கும் அரை மணி நேரம் சாலைக்கே உரியது.